வெள்ளைச் சீருடைக்குப் பின்னால் ஒரு சாம்பல் துணி: செயலமர்வுத் திட்டம் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், செயலமர்வைத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். மலையகத்தில் ஒரு சின்ன டவுனில் ஸ்டூடியோ நடத்துகிறவன் எழுதுகிறேன். கைபேசியில் படத்தின் பின்னணியை மாற்றுவது பற்றிய சனிக்கிழமைச் செயலமர்வுக்கு என்னை வளவாளராக அழைத்து, பாடத் திட்டத்தின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி, கட்டாயம் வருகிறேன். ஆனால் திட்டத்தின் வரிசையை மாற்ற வேண்டும் என்று கேட்கிறேன். இதே நகல் மற்றத் தோட்டப் பாடசாலைகளுக்கும் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதால்தான் தனியாகச் சொல்லாமல் எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

நகலில் உள்ளபடி முதல் மணித்தியாலத்தில் மூன்று செயலிகளை இறக்க வேண்டும். அடுத்ததில் பிள்ளைகள் வகுப்பறைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்து, ஒரு பொத்தானை அமுக்கிப் பின்னணியை அழிக்க வேண்டும். கடைசியாக இணையத்தில் ஏதாவது ஊரின் படத்தை எடுத்து ஒட்ட வேண்டும். இதை நேர்மாறாகத் திருப்பினால்தான் பாடம் சரியாக வரும். எந்தப் பின்னணி வேண்டும் என்பது முதலில் முடிவாக வேண்டும். பிறகு அதற்கு ஏற்றபடி ஆளைப் படம் எடுக்க வேண்டும். செயலி கடைசியில் வந்தால் போதும்.

நம் பிள்ளைகளின் சீருடையை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். சட்டை வெள்ளை. வகுப்பறைச் சுவர் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். நிறத்தைப் பார்த்து அழிக்கும் செயலிக்குச் சுவர் எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சுவரோடு சேர்த்துச் சட்டைக் கையையும் தின்றுவிடும். ஆளின் உருவத்தை அடையாளம் கண்டு வெட்டும் புதிய செயலிகள் இதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் சுவர்த் துண்டை அப்படியே விட்டுவிடும், ரிபன் கட்டிய பின்னலின் நுனியை வெட்டி எறியும். சரி, கறுப்புத் துணி கட்டலாமா என்றால் எண்ணெய் பூசிய கறுப்புத் தலைமுடி அதற்குள் மறைந்துவிடும். சினிமாக்காரர்கள் போலப் பச்சைத் துணி கட்டினால், பச்சையை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி நாம் பயன்படுத்தப் போகும் செயலியில் இல்லை. போதாததற்கு வெள்ளைச் சட்டையின் ஓரமெல்லாம் பச்சை அடிக்கும். தேயிலை மலைக்கு நடுவே வெயிலில் நிற்கும் பிள்ளையின் சட்டையை உற்றுப் பாருங்கள், தாடைக்குக் கீழேகூடப் பச்சை தெரியும்.

வெள்ளைச் சட்டைக்கும் கறுப்பு முடிக்கும் ஒரே நேரத்தில் பொருந்துவது இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம்தான். நடுத்தரச் சாம்பல், அல்லது மங்கலான நீலம். பளபளப்பில்லாத பெட்ஷீட் போதும். பிள்ளை துணியிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அப்போது துணியின் நிறம் சட்டையில் ஏறாது, பிள்ளையின் நிழல் துணியில் விழாது, துணியின் சுருக்கமும் கொஞ்சம் மங்கிப்போகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. என்னதான் கவனமாக வெட்டினாலும் முடியின் ஓரத்தில் பழைய பின்னணி ஒரு நூல் அளவு ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டப் போகும் படத்தில் தலைக்குப் பின்னால் மூடுபனி வானம் இருந்தால், அந்தச் சாம்பல் நூல் பனியோடு பனியாகக் கலந்துவிடும். வெள்ளைச் சுவரின் நூல் என்றால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டதுபோல நிற்கும். பின்னணியை முதலில் தெரிவு செய்யச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் படம் எடுத்த உயரம். இதை ஒரு மாதிரிப் படத்தை வைத்தே கற்பிக்கலாம். நுவரெலியா கிரகரி ஏரியின் கரையில் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, மட்டமாக எடுத்த படத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்வோம். அதில் எதிர்க்கரைத் தண்ணீர் விளிம்பு ஏறக்குறைய கமரா இருந்த உயரத்தைக் காட்டும் கோடு. அதே கரையில் ஒரு பிள்ளை உண்மையில் நின்றிருந்தால் அந்தக் கோடு பிள்ளையின் நெஞ்சருகேதான் போயிருக்கும். அதனால் பாடசாலையில் பிள்ளையை எடுக்கும்போதும் போன் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், ஒட்டும்போதும் கோடு நெஞ்சில் வர வேண்டும். கோடு தலைக்கு மேலே போனால் பிள்ளை பள்ளத்தில் நிற்பதுபோல இருக்கும். இடுப்புக்குக் கீழே இறங்கினால் பிள்ளை ஏரியைத் தாண்டிவிடும் ராட்சசன் ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டு வேலை என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பாரிஸ் கோபுரத்தின் படத்தை இறக்கி ஒட்டினால் இந்தப் பாடம் நடக்காது, அது எந்த உயரத்தில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? பின்னணியையும் பிள்ளைகளே தங்கள் மலையில் எடுக்கட்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னணிப் படத்தை மூடுபனி நாளில் எடுத்திருந்தால், பிள்ளையைப் பாடசாலை விறாந்தையின் ஓரத்தில், நேர் வெயில் படாத நிழலில் நிறுத்துங்கள். பின்னணியில் வெயில் இருந்தால் அதில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, பிள்ளையின் மூக்கு நிழலும் அதே பக்கம் விழும்படி திருப்பி நிறுத்துங்கள். இரண்டில் மூடுபனிதான் சுலபம், நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. பல இடங்களில் மத்தியானத்துக்கு மேல் பனியோடு மழையும் இறங்கிவிடுவதால் படம் எடுக்கும் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடலாம்.

இனிச் செயலி. மூன்று வேண்டாம், ஒன்று போதும். Play Store இல் Snapseed என்று தேடினால் வரும். இலவசம், விளம்பரம் இல்லை, படத்தின் மேல் முத்திரை குத்தாது. ஒருமுறை இறக்கிவிட்டால் நாம் செய்யப் போகும் வேலைக்கு டேட்டாவும் தேவையில்லை. சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டிய பாடசாலைகளுக்கு இதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமையே வீட்டில் இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

செய்முறை இதுதான். பிள்ளையின் படத்தைத் திறந்து, Tools இல் Double Exposure ஐத் தொட்டு, ஏரிப் படத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். ஏரியை இரண்டு விரலால் நகர்த்திப் பெரிதாக்கி, எதிர்க்கரைக் கோட்டை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு படமும் கலந்து தெரிவதால் இதைச் செய்வது சுலபம். பிறகு துளி அடையாளத்தைத் தொட்டு, ஏரி முழுதாக மூடும்வரை இழுத்து, சரி அடையாளத்தைத் தொட வேண்டும். இப்போது பிள்ளை மறைந்திருக்கும். "எங்கே சேர் நான்?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்து, செய்த மாற்றங்களின் பட்டியலைக் காட்டும் View edits க்குப் போய், Double Exposure என்ற வரியைத் தொட்டு, தூரிகையைத் தெரிய வேண்டும். பிள்ளை திரும்ப வந்துவிடும். கீழே எண் 100 இல் இருக்கும்போது விரலால் எங்கே பூசுகிறோமோ அங்கே ஏரி வரும். தவறிச் சட்டையில் பூசிவிட்டால் எண்ணை 0 ஆக்கி அதே இடத்தில் தடவினால் சட்டை திரும்பிவிடும். தூரிகையின் அளவு திரையில் மாறாது, அதனால் படத்தைப் பெரிதாக்கினால் நுணுக்கமாகப் பூசலாம். துணியின் பெரும்பகுதியைப் படத்தைப் பெரிதாக்காமலே வேகமாகப் பூசிவிட்டு, தோள், காது, பின்னல் ஓரங்களுக்கு மட்டும் பெரிதாக்கச் சொல்லுங்கள். முடி ஓரத்தில் எண்ணை 50க்கு இறக்கி ஒருமுறை தடவினால் வெட்டு விளிம்பு மென்மையாகும். கண் அடையாளத்தைத் தொட்டால் பூசிய இடம் சிவப்பாகத் தெரியும். அதை அடிக்கடி பார்க்கப் பழக்க வேண்டும், சிவப்புக்கு நடுவே விட்டுப்போன ஓட்டைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. நகர்த்த முடிவது ஏரியை மட்டும்தான், பிள்ளையைச் சிறிதாக்கவோ ஓரத்துக்குத் தள்ளவோ முடியாது. அதனால் படம் எடுக்கும்போதே தலைக்கு மேலும் பக்கங்களிலும் இடம் விட வேண்டும். கால் தெரிய எடுக்கவும் வேண்டாம். பாதத்துக்குக் கீழே புல்லில் விழ வேண்டிய நிழலைப் புதிதாக வரைவது முதல் நாள் வேலை அல்ல. இடுப்புக்கு மேலே போதும்.

ஆளுக்கு முன்னால் ஒரு பொருளில் பழகுவது நல்லது. பாடசாலையில் தப்பு மேளம் இருக்குமே, அதையே சாம்பல் துணிக்கு முன்னால் ஒரு மேசை விளிம்பில் நிறுத்தி எடுங்கள். முடி, காது என்று சிக்கல் இல்லாத வட்ட விளிம்பு, யாரும் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள்.

ஒரு பொத்தானில் அழிக்கும் தளங்களை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை, கடைசி இருபது நிமிடத்தில் ஒப்பிட்டுக் காட்டலாம். ஆனால் தப்புப் படத்தை மட்டும் கொடுத்துக் காட்டுங்கள். remove.bg போன்றவை படத்தைத் தங்கள் சேர்வருக்கு வாங்கிக்கொண்டுதான் வெட்டிக் கொடுக்கின்றன. பெற்றோரிடம் கேட்காமல் பெண்பிள்ளைகளின் முகத்தை அங்கே அனுப்ப நான் உடன்பட மாட்டேன். இலவசமாகக் கிடைப்பதும் சின்ன அளவுப் படம்தான், போஸ்டரில் போட்டால் கலங்கிப்போகும். அப்படி வெட்டிய படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் ஒளி ஊடுருவும் பகுதி போய், பின்னால் ஏதாவது ஒரு நிறம் நிரம்பிவிடும். Document ஆக அனுப்பினால்தான் அப்படியே போகும்.

நகலின் கடைசி வரியில் "அடையாள அட்டைப் படம் தயாரித்தல்" என்று இருக்கிறது. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தேசிய அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் செல்லும். ஸ்டூடியோக்காரன் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்று யாராவது சிரிக்கலாம், பரவாயில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் திரும்பி வந்தால் அலையப்போவது அந்தப் பிள்ளையின் அம்மா, அதுவும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு.

மாணவர்கள் பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது என்பதால், அன்றைக்கு மட்டும் மூன்று பேருக்கு ஒரு போன் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் தந்து உதவ ஒரு எழுத்து அனுமதி வேண்டும். அதைப் பணிப்பாளர் அவர்கள் தர வேண்டும். படம் எடுக்கவும், எடுத்ததைப் பாடசாலைக்குள் மட்டும் வைத்திருக்கவும் பெற்றோரின் சம்மதக் கடிதத்தை வகுப்பாசிரியர்கள் முந்திய வாரமே வாங்கிவிடலாம். சாம்பல் துணி இரண்டு என்னிடம் இருக்கிறது, கட்டுவதற்குக் கயிறும் கொண்டுவருகிறேன். விறாந்தைக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் போட ஒரு நீள வயர் மட்டும் பாடசாலை பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வளவாளர்