தாலுகா எல்லை ஏன் கோணல்மாணலாக ஓடுகிறது? பேத்திக்கு எழுதிய பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வருவாய்த் துறையில் வட்டாட்சியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தாலுகா எல்லைகளை யார், எப்படி வகுத்தார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் பேத்தி கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதிய பதிலைத் தங்கள் வாசகர்களும் அறிய வேண்டும் என்று விரும்பி அனுப்புகிறேன்.

அன்புள்ள மீனா,

வரைபடத்தில் திருத்தணி தாலுகாவின் எல்லை ஓரிடத்திலும் நேராக இல்லையே என்று கேட்டிருந்தாய். தாலுகாவுக்கென்று தனியாக ஒரு கோட்டை யாரும் போடவில்லை என்பதே அதற்குக் காரணம். எல்லை அளக்கப்பட்டது கிராமங்களுக்குத்தான். முழு முழுக் கிராமங்களைச் சேர்த்துத் தாலுகா ஆக்கினார்கள். ஆகவே ஓரத்துக் கிராமங்களின் வெளி எல்லைதான் தாலுகாவின் எல்லை. அந்தக் கிராமத்து எல்லையோ ஏரிக்கரை, ஓடை, வண்டிப்பாதை, பட்டா நிலத்தின் வரப்பு ஆகியவற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும்.

சென்னை மாகாணத்தில் 1858இல் நில அளவைத் துறை ஏற்பட்டது. அளவையர்கள் இரு கிராமத்துக் கணக்குப்பிள்ளைகளையும் மணியக்காரர்களையும் எல்லையில் நிறுத்தி, இருவரும் ஒப்புக்கொண்ட இடங்களில் கல் நடுவார்கள். மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் நடுவதற்கு முச்சந்திக் கல் என்று பெயர். ஒரு முச்சந்தியிலிருந்து அடுத்த முச்சந்தி வரை கோணத்தைத் தியோடலைட் கருவியாலும் தூரத்தைச் சங்கிலியாலும் அளந்தார்கள். அந்தச் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்டது. அதனால்தான் பழைய புலப்படங்களில் அளவுகள் அடியிலும் இல்லாமல் மீட்டரிலும் இல்லாமல் கண்ணிக் கணக்கில் இருக்கின்றன. இரண்டு கற்களுக்கு நடுவே 540 என்று எழுதியிருந்தால் அது 356 அடிக்குச் சற்றுக் கூடுதல், அதாவது ஏறக்குறைய 108.6 மீட்டர். அதை 540 மீட்டர் என்று படித்துவிட்டால் எல்லை அடுத்த ஊருக்குள் வெகுதூரம் போய்விடும்.

எந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில் சேர வேண்டும் என்பதை நிர்வாக வசதிதான் தீர்மானித்தது. 1860ஆம் ஆண்டை ஒட்டி மாகாணம் முழுவதும் தாலுகாக்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, ஒரு தாசில்தார் வசூலிக்கக்கூடிய நிலவரி எவ்வளவு, கிஸ்தி கட்டவும் ஜமாபந்திக்கும் குடியானவன் தாலுகா கச்சேரிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பவை முக்கியமாக இருந்தன. ஏரி ஒரு தாலுகாவிலும் அதன் நீர் பாயும் ஆயக்கட்டு நிலம் வேறொரு தாலுகாவிலும் இருந்தால், மழை பொய்த்த ஆண்டில் வரித் தள்ளுபடிக்கு இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாக எழுதுவார்கள். மடை திறப்பதில் தகராறு வந்தால் தீர்ப்பதும் கடினம். ஆயக்கட்டைப் பிரிக்காமல் இருப்பதே நல்ல எல்லை என்பது என் கருத்து.

நீ கேட்ட திருத்தணிக்கு வருகிறேன். அது கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த பகுதி. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போயிற்று. திரும்பப் பெற ம.பொ.சி. முதலானோர் போராடினர். எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. படாஸ்கர் தாலுகாவை அளவுகோலாகக் கொள்ளாமல் கிராமத்தையே அலகாகக் கொண்டு, அங்கே எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை, கிராமம் அந்தப் பக்கத்தோடு தொடர்ச்சியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அதனால்தான் இன்றைய மாநில எல்லை மலையையோ ஆற்றையோ மட்டும் பின்பற்றாமல், அந்தப் பழைய கிராம எல்லைகளின் மேலேயே ஊருக்கு ஊர் திரும்பிப் போகிறது. அன்று சங்கிலி பிடித்தவர்கள் தாங்கள் நடும் கல் ஒருநாள் இரண்டு மாநிலங்களைப் பிரிக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆறு தடம் மாறினாலும் எல்லை கூடவே நகராது; அளந்து பதிந்த இடத்திலேயே நிற்கும். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள துண்டு நிலம் இக்கரைக் கிராமத்துக் கணக்கில் இருப்பதைப் பார்த்தால், ஆறு பிற்பாடு விலகியிருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம். கல்லே காணாமல் போனால்தான் உண்மையான சிக்கல். உழுகிறவர்கள் பெயர்த்துவிடுகிறார்கள், சாலை அகலப்படுத்தும்போது புதைந்துவிடுகிறது. முச்சந்திக் கல் தொலைந்தால் மூன்று கிராமங்களின் பதிவேடுகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மிஞ்சியிருக்கும் கற்களிலிருந்து தனித்தனியே அளந்து வர வேண்டும். மூன்றும் ஒரே புள்ளியில் கூடினால் அதுதான் இடம். கூடாவிட்டால், ஒரே இரு கற்களுக்கு இடையிலான தூரம் இரண்டு கிராமப் பதிவுகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பிழை பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

நீயே பார்க்க விரும்பினால் எல்லையோரக் கிராமம் ஒன்றின் வரைபடத்தை வாங்கு. அதன் நான்கு ஓரங்களிலும் அடுத்த கிராமங்களின் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களில் எவை வேறு தாலுகாவைச் சேர்ந்தவை என்று குறித்துக்கொண்டே போனால், தாலுகா எல்லை உன் கையிலேயே வரைந்து முடிந்துவிடும்.

அன்புடன்,
தாத்தா

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வட்டாட்சியர்,
திருவள்ளூர் மாவட்டம்