அப்டேட் வந்தால் பட்டறைக் கணக்கு மட்டும் வெளியே போய்விடுகிறது

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் செயலியில் ஒரே போனில் மூன்று கணக்குகள் வைத்திருக்கிறேன். ஒன்று என்னுடையது, ஒன்று பட்டறையுடையது, மற்றொன்று எங்கள் பழைய வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஆச்சி நம்பரில் தொடங்கியது.

கடைசியாக வந்த மூன்று அப்டேட்டிலும் பட்டறைக் கணக்கு மட்டும் லாக்அவுட் ஆனது. கணக்கு மாற்றும் பட்டியலில் அதன் பெயரும் படமும் அப்படியே இருக்கின்றன. தொட்டால் "Session expired. Please log in again" என்று வருகிறது. சரி என்று பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விடுகிறது. ஆனால் பட்டியலில் அதே கணக்கு இரண்டாவதாக ஒன்று முளைக்கிறது, பழையதைத் தொட்டால் மறுபடியும் அதே பிழை.

பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. தம்பி போனில் இதே கணக்கு ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. என் போனிலும் லாக்அவுட் ஆன பிறகு அதன் நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் சர்வர் கணக்கை முடக்கவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் போனில் தனித்தனியாக வைத்திருக்கும் லாகின் டோக்கனில் ஒன்றைத்தான் அப்டேட்டுக்குப் பிறகு செயலி தவறவிடுகிறது என்று நினைக்கிறேன்.

அந்த நோட்டிஃபிகேஷன்தான் என்னைக் கவிழ்த்தது. போன செவ்வாய்க்கிழமை, கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் அந்தக் கல் வீண். போன் ஒலித்ததும் சிமெண்ட் படாத விரலால் தொட்டேன். திறந்தது என் சொந்தக் கணக்கு, அங்கே புதுச் செய்தி எதுவும் இல்லை. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தம்பி போனில் பார்த்தால், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 800 சதுர அடிக்கு விலை கேட்டிருந்தார். அதற்குள் அவர் வேறிடத்தில் சொல்லிவிட்டார்.

உங்கள் உதவிப் பிரிவு, செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னது. போட்டால் மூன்று கணக்கும் போய்விடும். ஆச்சி கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஓடிபி போகிற அந்த நம்பரும் இப்போது இல்லை. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை நிரந்தரமாக இழப்பதா?

எனவே கேட்பது இவைதான்: இரட்டைப் பதிவை உங்கள் பக்கமிருந்தே நீக்குங்கள், அடுத்த அப்டேட்டுக்கு முன் காரணத்தைச் சரிசெய்யுங்கள். லாக்அவுட் ஆன கணக்குக்கு நோட்டிஃபிகேஷன் வந்தால், எந்தக் கணக்குடையது என்று காட்டி லாகின் பக்கத்தைத் திறக்கட்டும். அப்புறம், ஆச்சி கணக்குக்கு நம்பர் மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்.

பிழை வரும் திரைப் பதிவை இணைத்துள்ளேன். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லும் கெடுவுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்