அலையை யார் திருப்புவது?

கடலோரத்தில் ஒட்டுகிற விழிப்புணர்வுச் சுவரொட்டிகளுக்கு ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும், மண்டபம் ஊரில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவனின் வணக்கம்.

நீங்கள் அனுப்புகிற வாசகத்தை அச்சடித்துத் தருவதுதான் என் தொழில். நடுநடுவே, "தமிழ்லயும் நீங்களே போட்டுருங்க" என்று ஆங்கில வரியை மட்டும் அனுப்பிவிடுவீர்கள். அப்படி வந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. குறை அந்த அலுவலகத்தில் இல்லை, எல்லோரும் பின்பற்றும் ஒப்புதல் முறையில் இருக்கிறது.

வந்த வரி 'டர்ன் த டைட் ஆன் பிளாஸ்டிக்'. 'டைட்' என்றால் கடல் ஏறுவதும் வத்துவதும். கடல் குப்பைப் பிரசாரங்களில் உலகமெங்கும் அடிபடுகிற வரிதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் கடல் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட கரையில் வாழ்ந்தவர்களுக்கு, தண்ணீர் திரும்புவது என்றால் நிலைமையே தலைகீழாவது. அந்த அனுபவத்திலிருந்து வந்த சொல்வழக்கு அது. நம் கரையில் தண்ணீர் ஏறுவதும் வத்துவதும் சேர்ந்து ஒரு மீட்டர்கூட வராது. அது திரும்பினால் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கவனிப்பார்கள், வத்தையைத் தள்ளுகிறவர் கவனிப்பார். மற்றபடி யார் பிழைப்பும் தலைகீழாவதில்லை. நம்மைத் திருப்பிப் போடுவது காற்று: தெற்கிலிருந்து சோழகம், வடக்கிலிருந்து வாடை. கூடவே நீவாடு என்கிற கடல் நீரோட்டம்.

ஒப்புதலாகி ஒட்டப்பட்ட தமிழ் வரி இது: "பிளாஸ்டிக் மீது அலையைத் திருப்புவோம்." டோக்கன் வாங்க வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு சொன்னார்: "ராமரே பாலந்தான்டா கட்டுனாரு. அலையத் திருப்பல." வரிசையே சிரித்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டான். பிளாஸ்டிக்கை அலை அடித்துக்கொண்டு போய்விடும், நமக்கு வேலை இல்லை என்பது அவன் கணக்கு. சுவரொட்டி சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இதற்கு முன் நான் வேறொரு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கு எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதலில் ஆங்கில வரியை மூடி வைத்துவிட்டு, அது என்ன வேலைக்காக வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். யார் படிக்கப்போகிறார்? கடலுக்குப் போகிறவர். எங்கே? ஜெட்டியில், கையில் ஐஸ் பெட்டியோடு, நடந்துகொண்டே. படித்தபின் என்ன செய்ய வேண்டும்? கிழிந்த வலையையும் பையையும் பாட்டிலையும் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், மூல வரியில் 'டைட்' இருந்ததா 'மூன்' இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை.

முதலில் எழுதியது, "பிளாஸ்டிக்கை எதிர்த்து அணிதிரள்வோம்." பொருள் சரிதான். ஆனால் பொதுக்கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, கையில் இருக்கும் பையை என்ன செய்வதென்றும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

அடுத்து பழமொழிக்குப் போனேன், "சிறு துளி பெருவெள்ளம்." இதில் எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன். கீழே அச்சகத்துக்கு வந்திருந்த பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். "பிளாஸ்டிக்க சேத்து வைக்கச் சொல்றியா தம்பி?" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தப் பழமொழி உண்டியலுக்கும் சேமிப்புக் கணக்குக்கும் உரியது. சேருவது நல்லது என்ற எண்ணத்தை அது தன்னோடு கொண்டுவருகிறது. குப்பையைப் பற்றிப் பேசும்போது அதே எண்ணம் குறுக்கே வந்து நிற்கும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் இருக்கிற அதே ஆபத்து, நம்மூர்ப் பழமொழியை எடுத்து ஒட்டுவதிலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவதாக வந்தது: "சோழகத்தில் போட்டது வாடையில் வரும்."

வடகடல் கரையில் நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். சோழகம் தெற்கிலிருந்து அடிக்கும்போது வீசியதெல்லாம் கண்ணை விட்டு வடக்கே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் கரையில் வந்து ஒதுங்கும், இல்லாவிட்டால் வலையில் ஏறும். தென்கடல் பக்கம் ஒட்டுவதானால் வரியைத் திருப்பிப் போட வேண்டும்: "வாடையில் போட்டது சோழகத்தில் வரும்." நடந்தே கடக்கக்கூடிய ஒரு நிலத்துண்டின் இரு பக்கத்துக்கு இரண்டு வரி. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில், "கந்தல் வலை, பை, பாட்டில்: படகிலேயே வைத்திருந்து கரைச் சாக்கில் போடுங்கள்." தலைப்பு நிறுத்திப் படிக்க வைக்கும். என்ன செய்வது என்பதை இந்த வரி சொல்லும்.

ஜெட்டியில் ஐந்து பேரிடம் காட்டினேன். "நல்லாருக்கா?" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது என்ன செய்யச் சொல்லுது?" என்று மட்டும் கேட்டேன். நான்கு பேர் கடலில் போடாதே என்கிறது என்றார்கள். ஐந்தாமவர் புயல் எச்சரிக்கை என்று நினைத்துவிட்டார். அதற்காகத்தான் கீழ்வரியின் எழுத்தைப் பெரிதாக்கினேன்.

இந்த வரி உங்கள் மேசையில் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். தமிழ் தெரியாத மேலதிகாரிக்காக, என் வரியை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கினீர்கள். "தென்காற்றில் போட்டது வடகாற்றில் வரும்" என்று போயிருக்கும். மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அலை எங்கே? பிளாஸ்டிக் எங்கே? நிராகரிப்பு. "பிளாஸ்டிக் மீது அலையைத் திருப்புவோம்" திரும்ப ஆங்கிலமானபோது அச்சு அசலாக மூலமே வந்தது. ஒப்புதல்.

மருந்துச் சீட்டுக்கும் ஒப்புதல் படிவத்துக்கும் இந்தத் திருப்பிப் பெயர்க்கும் சோதனை சரியானது. முழக்க வரிக்கு இதே சோதனையை வைத்தால், எது மூலத்தை அப்படியே ஒட்டிப் போகிறதோ அதுவே ஒவ்வொரு முறையும் தேறும். படிப்பவருக்குப் புரிந்ததா என்பதை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் தலைப்பு வரிக்கு மட்டும். அதற்குத் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். ஒன்றில் தமிழ் வரி. அடுத்ததில் அதன் நேர்ப்பொருள். மூன்றாவதில், படித்தவர்கள் என்ன செய்யச் சொல்வதாகப் புரிந்துகொண்டார்கள், மூலத்தை ஏன் விட்டு விலகினோம் என்பது. மேலதிகாரி மூன்றாவதைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். வரியோடு, எங்கே ஒட்டுவீர்கள், யார் படிப்பார் என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

மற்ற இடங்களில் நான் கை வைக்க மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கடலோரக் காவல் படையின் 1554, பிடிக்கக்கூடாத உயிர்களின் பட்டியல், தண்டனை வாசகம் இவையெல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். அங்கே கவித்துவம் காட்டினால் ஒருவர் அபராதம் கட்ட நேரும். கடல் அட்டையைக் கடல் அட்டை என்றே போடுவோம். ஆவுளியாவுக்குப் பக்கத்தில் கடல் பசு என்றும் சேர்த்துப் போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.

பழைய சுவரொட்டி வெயிலில் வெளுத்துவிட்டது. 'அலையை' மட்டும் இன்னும் தெரிகிறது. வாடை பிறப்பதற்குள் புதியதுக்கு ஒப்புதல் தந்தால், வடகடலுக்கு ஒன்று, தென்கடலுக்கு ஒன்று என்று அடித்துத் தருகிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூலிதான்.

இப்படிக்கு,
மண்டபத்து அச்சகத்துக்காரன்