வளவுத் தூணுக்கு முழக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நலம். கானாடுகாத்தான் ஆச்சி கொடுத்த பழைய கணக்குத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன் அல்லவா, அதில் "வளவுத் தூண் 3 முழம் 6 விரல்" என்று இருப்பதை, அவர் வீட்டு உள்முற்றமான வளவில் பழுதான தூணுக்குப் பதிலாக நீ செய்கிற புதுத் தூணுக்கு எத்தனை சென்டிமீட்டராக எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் எண் மாறிப்போகும். அதனால்தான் கடிதம்.

முழம் என்று எழுதியிருந்தால் எந்த முழம் என்று பார்க்காமல் பெருக்கக் கூடாது. கடைவீதியில் சொல்லுகிற கை முழம் 18 அங்குலம், அதாவது 45.72 செ.மீ. தச்சு முழம் வேறு. அது 33 அங்குலம், 83.82 செ.மீ. இரண்டிலும் முழத்துக்கு 24 விரல்தான். ஆனால் கை முழத்தில் ஒரு விரல் 6 நூல் வரும், தச்சு முழத்தில் 11 நூல் வரும். அங்குலத்துக்கு 8 நூல் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்: 4 தச்சு முழம் சரியாக 11 அடி. சந்தேகம் வந்தால் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது தாளுக்கு வருவோம். கை முழமாக எடுத்தால் 54 அங்குலமும் நாலரை அங்குலமும் சேர்ந்து 58½ அங்குலம், 148.6 செ.மீ. வளவில் நிற்கிற தூண் ஆள் உயரம்கூட இல்லாமல் இருக்குமா? தச்சு முழமாக எடுத்தால் 99 அங்குலமும் 8¼ அங்குலமும் சேர்ந்து 107¼ அங்குலம், அதாவது 8 அடி 11¼ அங்குலம். அந்த வீட்டு வளவுக்கு இதுதான் பொருந்தும்.

இதை சென்டிமீட்டராக்கும்போது அடி, முழம் எல்லாவற்றையும் முதலில் அங்குலமாக்கிக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை 2.54-ஆல் பெருக்கு. 107.25 × 2.54 = 272.4 செ.மீ. முழம் 84, விரல் 3½ என்று தனித்தனியாக முழுமையாக்கிக் கூட்டினால் 273 வரும், இரண்டு நூல் கூடிவிடும். முழம் 83, விரல் 3.4 என்று குறைத்துப் போட்டால் 269.4 வரும். மூன்று சென்டிமீட்டர் குறைந்த தூணைத் தக்கை வைத்துத்தான் நிறுத்த முடியும். பர்மாத் தேக்குக்குப் பக்கத்தில் தக்கை வைத்த தூண் நிற்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு கால்குலேட்டரில் நடக்கும். 8 அடி 11 அங்குலத்தை 8.11 என்று தட்டி 30.48-ஆல் பெருக்குவார்கள். விடை 247.2 வரும், ஒரு சாணுக்கும் மேல் குறைந்துவிடும். அங்குலம் அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு அல்ல. உன் பட்டறையில் மிஷினுக்கு அளவு போடுகிற பையன்களிடம் அடியில் எழுதிய தாளையே கொடுக்காதே. நீயே மில்லிமீட்டராக்கிக் கொடு.

தாளை மட்டும் நம்பாமல் நேற்று போய் அளந்தும் பார்த்தேன். பழுதான தூணை எடுத்துவிட்டு உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடைவெளி, அடிக்கல்லில் இருந்து, தூண் தலையில் உத்தரத்தைத் தாங்குகிற போதிகையின் அடிவரைக்கும், 273.6 வந்தது. அதை எடுக்காதே. முட்டு உத்தரத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறது, எடுத்தால் இறங்கிவிடும். வரிசையில் நிற்கிற மற்ற மூன்று தூண்களும் 272.2, 272.4, 272.6 என்று வந்தன. டேப்பின் கொக்கி ஆடுகிறது என்பதால் கொக்கியை விட்டுவிட்டு 10 செ.மீ. கோட்டில் வைத்து அளந்து, பிறகு 10-ஐக் கழித்தேன். நீயும் பழைய டேப்பில் அப்படியே செய்.

ஆக, தாள் சொல்வது தச்சு முழம்தான், அதுவும் கழுந்து சேராமல் வெளியே தெரிகிற அளவு. மேலும் கீழும் துளையில் இறங்க இரண்டிரண்டு அங்குலம் கழுந்து வேண்டும். 107¼-உடன் 4 சேர்த்தால் 111¼ அங்குலம், 282.6 செ.மீ. அடிக்கல் மட்டம் பார்த்துச் செதுக்குவதற்கு கீழ்ப் பக்கம் 2 நூல் கூட விடு. மிஷினில் 2832 மில்லிமீட்டர் என்று போடு.

மரக்கடையில் சென்டிமீட்டர் பேசாதே, தேக்குக்கு அங்கே கன அடிக் கணக்குதான். நீளம் ஒன்பதரை அடி என்று கேள். முனை வெடிப்பு இருந்தால் அதற்குள் வெட்டித் தள்ள இடம் இருக்கும்.

போதிகை 20 விரல் என்று அதே தாளில் இருக்கிறது. அதையும் 11 நூல் கணக்கில் போட்டு, வந்த விடையை அறுப்பதற்கு முன்னால் எனக்கு எழுது. எனக்கு 69.85 வந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா