செல்வத்துக்கு ஏற்ற பரிசு

அன்புள்ள சங்கரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை; மலை ஏறும்போது சும்மா இருந்துவிட்டு, இறங்கும்போது தன் வேலையைக் காட்டுகிறது.

செல்வத்தின் பணி ஓய்வுக்கு நாம் எல்லோரும் பணம் போட்டு 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கித் தரலாம் என்று எழுதியிருந்தாய். பைனாகுலர் என்பது சரியான முடிவு; அந்த அளவுதான் அவனுக்கு ஒத்துவராது. அது ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். வால்பாறைச் சோலைக்காட்டில் பறவை பார்க்கக் காலை முழுவதும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால், அடுத்த முறை அவன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். 8×32 அளவு வாங்குவோம். அதன் எடை பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு பெரிதாக்கும்போது கையின் நடுக்கமும் பத்து மடங்காகிறது. பார்வைக்குள் அடங்கும் பரப்பும் பொதுவாகக் குறைந்துவிடுகிறது. ஏரிக்கரையில் அசையாமல் நிற்கும் நாரைக்கு அது பரவாயில்லை. கிளைக்குக் கிளை தாவும் சிறு குருவியை இலைகளுக்கிடையே தேடிப் பிடிப்பதற்கு எட்டு மடங்கே வசதி.

அப்படியானால் சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 இன்னும் இலேசாயிற்றே என்று நீ கேட்பாய். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பார். கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 10×25இல் இரண்டரை மில்லிமீட்டர், 8×32இல் நான்கு மில்லிமீட்டர். நல்ல வெயிலில் இந்த வேறுபாடு தெரியாது. விடியற்காலையில், ஓடைக்கரை நிழலில் சீகாரப்பூங்குருவி வந்து அமரும்போதுதான் தெரியும்: சிறிய பைனாகுலரில் அது வெறும் கரிய உருவம், 8×32இல் அதன் தோளிலும் நெற்றியிலும் உள்ள நீலம் துலங்கும். 8×42 இதைவிடவும் வெளிச்சமாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இன்னொரு இருநூறு கிராம் அளவுக்குச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை.

செல்வம் கண்ணாடி போடுபவன் என்பதை மறந்துவிடாதே. கண், லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளியிருந்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. விவரக் குறிப்பில் அது குறைந்தது 15 அல்லது 16 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி நீர் புகாமல் அடைக்கப்பட்டதா என்றும் கேள். இல்லாவிட்டால் மலைமழையில் உட்புறம் ஆவி படியும். அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. ஜூம் செய்யும் வகைகளைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

கடையில் வாங்கும்போது வாசலுக்கு வந்து தொலைவில் உள்ள மின்கம்பியைப் பார். முதலில் இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கு. பிறகு வலக்கண்ணுக்கு அங்குள்ள தனி வளையத்தைத் திருப்பு. அதன்பின் இரு கண்களாலும் பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெல்லச் சில அங்குலம் முன்னே நகர்த்து. ஒரு கம்பி இரண்டாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பிரிந்து தெரிந்தால் இரு குழாய்களும் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அதை வைத்துப் பார்த்தால் அரை மணியில் தலைவலி வரும். வேறொன்றை எடுத்துத் தரச் சொல்.

மிச்சப் பணத்தில் அட்டைக்கடியைத் தடுக்கும் காலுறை ஒரு ஜோடி வாங்கு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்ததாக இருக்க வேண்டும். பின்னல் துணியாக இருந்தால் அதன் கண்கள் வழியே அட்டை வாயை நுழைத்துவிடும். சாதாரணக் காலுறையின்மேல் அதை மாட்டி, கால்சட்டையின் அடிப்பகுதியை உள்ளே விட்டு, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டிய பிறகுதான் ஷூ போட வேண்டும். ஷூவை நாம் வாங்க வேண்டாம். அதை அவனே காலில் போட்டு நடந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கடை ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பெட்டியிலேயே வைத்துக் கொடு. என் பங்கு எவ்வளவு என்று எழுது, உடனே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்