கதையை மேடையிலேயே முடித்துவிடாதீர்கள்: நயவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்து நூல் வெளியீடுகளில் நயவுரை வழங்குகிற, வார இதழ்களுக்கு நூல் அறிமுகம் எழுதுகிற பெருமக்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் பேசும் கூட்டங்களில் பின்வரிசைக் கதிரையில் இருந்து கேட்பவள் நான். எழுத்தாளரும் அல்ல, விமர்சகரும் அல்ல. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறவள். விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை எல்லாம் ஓய்ந்து, முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் கைமாறிய பிறகுதான் உங்கள் நயவுரைக்கு முறை வருகிறது. அந்த நேரம் நான் வாங்கிய பிரதி என் மடியில் இருக்கும். தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பேசி முடிப்பதற்குள் நாயகி யாரை மணக்கிறாள், யார் எந்த அத்தியாயத்தில் சாகிறார், கடைசிப் பக்கத்தில் படலையைத் திறந்துகொண்டு வருவது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். பிறகு ஏற்புரைக்கு எழுந்து வருகிற நூலாசிரியரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வருடக்கணக்காக அவர் பொத்திவைத்ததை ஒலிவாங்கியில் போட்டு உடைத்த பிறகு, அவர் உங்களுக்கே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. ஒரு நாவலை எடுத்து, நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று காட்டுகிறேன். வேண்டுமென்றே பழைய நாவல் ஒன்றை எடுத்திருக்கிறேன். "எல்லாருக்கும் தெரிந்த கதைதானே, சொன்னால் என்ன?" என்று நீங்கள் கேட்கக்கூடிய நாவல். எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’. என் குறிப்பு இது:

"கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் செந்தில்நாதன் லீவு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வருகிறார். மனைவி அன்னலட்சுமி ஊரில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மனைவியோடு கொஞ்சம் தனிமை. உறவும் முறையும் நிறைந்த யாழ்ப்பாணத்து வீடு அதற்கு இடம் கொடுக்குமா? இவ்வளவுதான் நாவல். என் தகப்பனாரும் கொழும்புக் கந்தோர் ஒன்றில் லிகிதராக இருந்தவர். அவர் லீவில் வந்தால் அயலட்டை முழுவதும் எங்கள் விறாந்தையில் வந்து குந்திவிடும். அம்மா குசினியிலிருந்து தேத்தண்ணியை என்னிடம் கொடுத்து அனுப்புவார். அவர்கள் இருவரும் தனியே இருந்து கதைத்ததை நான் கண்டதாக ஞாபகம் இல்லை. ‘சடங்கு’ வாசித்தபோது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன்; பிறகு நான் தட்டோடு நின்ற அந்த விறாந்தையை நினைத்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். யாழ்ப்பாணப் பேச்சு அடர்ந்த எழுத்து. வெளியூர் வாசகருக்கு முதற் பக்கங்கள் தடக்கும். பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். கணவன் மனைவியின் உடல் ஆசையை ஒளிக்காமல் பேசுகிற நாவல். வளர்ந்தவர்களுக்கானது."

இதில் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று பாருங்கள்.

ஆசையைச் சொன்னேன். அது நாவலின் தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரியவரும் விஷயம். அதை மறைத்தால் இந்தப் புத்தகத்தை ஏன் எடுக்க வேண்டும் என்றே ஒருவருக்கு விளங்காது. கதையை வாயே திறக்காமல் "அற்புதம், அவசியம் வாசியுங்கள்" என்று மட்டும் எழுதுவது அறிமுகம் அல்ல. அதையும் நீங்கள் செய்கிறீர்கள்; அதற்கு வேறொரு மடல் வேண்டும். எந்த ஆசை, எந்த வீடு, எது குறுக்கே நிற்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் வாசகர் கேள்வியோடு உள்ளே போவார். பதிலை நான் தொடவில்லை. தனிமை கிடைத்ததா, எத்தனையாம் நாள், எப்படி, அதன் பிறகு என்ன என்பது எதுவும் அதில் கிடையாது.

‘சடங்கு’ போன்ற நாவலில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மர்ம நாவலில் கொலைகாரன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடும்பக் கதையில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறீர்கள். அங்கேதான் தவறு. இங்கே பெரிய சம்பவங்களை நம்பிக் கதை ஓடவில்லை. ஒரு மனிதரின் மிகச் சின்ன விருப்பம் நாளுக்கு நாள் தள்ளிப்போகுமோ என்ற தவிப்பில்தான் ஓடுகிறது. அந்தத் தவிப்பு செந்தில்நாதனிடமிருந்து வாசகருக்கும் தொற்ற வேண்டும். முடிவை அறிந்துகொண்டு வாசிக்கிறவருக்கு அது தொற்றாது. அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் விட்ட இன்னொன்று, முடிவின் நிறம். "கடைசிப் பக்கத்தில் நெஞ்சு கனத்துவிடும்" என்றோ "யாரும் எதிர்பாராத திருப்பம்" என்றோ எழுதியிருந்தால், கதையைச் சொல்லாமலே பாதியைச் சொன்னவளாவேன். நெஞ்சு கனக்கும் என்று கேள்விப்பட்டவர் நடுவில் வருகிற நகைச்சுவையை நம்பமாட்டார். திருப்பம் உண்டு என்று கேள்விப்பட்டவர் ஒவ்வொரு பக்கத்திலும் அதைத் தேடுவார்; கண்முன்னே நடப்பதைக் கவனிக்கமாட்டார். என் குறிப்பில் சிரித்தேன், வெட்கப்பட்டேன் என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த வெட்கம் நாவலின் முடிவால் வந்ததல்ல, என் வீட்டு விறாந்தையால் வந்தது. என் சொந்த அனுபவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்; அதனால் கதைக்குச் சேதம் இல்லை. உண்மையில் குறிப்புக்கு உயிர் வருவதே அங்கிருந்துதான். நீங்களோ அதைத்தான் கடைசியில், நேரம் போதாது என்று சொல்லி விட்டுவிடுகிறீர்கள். ‘சடங்கு’ வாசித்தபோது உங்களுக்கு யார் நினைவுக்கு வந்தார் என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள். எட்டாம் அத்தியாயத்தில் என்ன நடந்தது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்களை வேண்டுமென்றுதான் சேர்த்தேன். ‘தீ’ நாவல் வந்த காலத்திலிருந்தே எஸ்.பொ.வின் பெயரோடு ஆபாசம் என்ற குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது. இன்றும் மேடையில் அவர் பெயர் வந்தால் ஒரு நமட்டுச் சிரிப்பு எழும்பும். "துணிச்சலான பாலியல் நாவல்" என்று அறிமுகப்படுத்தினால், வாங்குகிறவர் அந்தப் பக்கங்களைத் தேடிப் புரட்டிவிட்டு மூடிவைத்துவிடுவார். அதற்காக ஒன்றுமே சொல்லாமல் விட்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பரிசாக வாங்கிப்போகிற தாய்க்கு நான் நேர்மையாக நடந்தவளாக மாட்டேன். ஆகவே எதைப் பற்றியது, யாருக்கு உகந்தது என்று நேராகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இனி, "எல்லாருக்கும் தெரிந்த கதை" என்ற வாதத்துக்கு வருகிறேன். யாருக்குத் தெரியும்? நல்லூரில் 1932 இல் பிறந்த எஸ்.பொ. இந்த நாவலை 1960களில் எழுதினார். அன்று கொழும்புக் கந்தோரும் யாழ்தேவியும் லீவும் ஊரில் இருக்கும் குடும்பமும் பாதி யாழ்ப்பாணத்தின் வாழ்க்கை. யுத்தத்தில் 1990 இல் நின்றுபோன ரயில், 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. அடுத்த மாதமே எஸ்.பொ. சிட்னியில் காலமானார். அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, அப்பா ரயிலில் லீவுக்கு வந்திறங்குவதைக் கண்டதே இல்லை. இன்று பொது நூலகத்தில் அந்த நாவலை இரவல் எடுக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைக்கு அது நேற்று வந்த புத்தகம் மாதிரித்தான். உங்களுக்குப் பழசாகிவிட்டது என்பதற்காக அந்தப் பிள்ளையின் முதல் வாசிப்பை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது.

முடிவைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும். அந்தக் கணவன் மனைவிக்கு ஆசிரியர் கொடுத்த முடிவு சரியா, அன்னலட்சுமிக்கு நியாயம் செய்திருக்கிறாரா என்றெல்லாம் விவாதிக்காமல் ‘சடங்கு’ பற்றி உருப்படியான மதிப்பீடு எழுத முடியாது. அந்த மதிப்பீட்டுரை வாசித்தவர்களுக்கு உரியது. வெளியீட்டு நாளில் அரங்கில் இருப்பவர்களில் நூலாசிரியரும் அச்சகத்தாரும் நீங்களும் தவிர வேறு எவரும் புத்தகத்தை வாசித்திருக்கமாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகர் சந்திப்பு வையுங்கள். வாசித்துவிட்டு வாருங்கள் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். அங்கே கடைசி வரி வரைக்கும் பிரித்து மேயலாம். நானும் வருவேன், சண்டைக்கும் ஆயத்தமாக.

அணிந்துரை எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் புத்தகங்களில் வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை எல்லாவற்றையும் தாண்டித்தான் கதைக்குள் போக முடிகிறது. அண்மையில் நான் வாங்கிய ஒரு நாவலின் அணிந்துரை முதற் பக்கத்திலேயே இறுதிச் சாவைச் சொல்லி, அதன் குறியீட்டையும் விளக்கியிருந்தது. எழுதியவர் மிகுந்த அன்போடுதான் எழுதியிருந்தார். பதிப்பாளர் அதைத் தூக்கிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பின்னுரையாகப் போட்டிருந்தால் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும். அச்சுச் செலவில் ஒரு சதமும் கூடாது.

எழுதியதில் கசிவு இருக்கிறதா என்று அறிய நான் செய்கிற சோதனை எளியது. புத்தகத்தை வாசிக்காத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, "இது எப்படி முடியும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்பேன். தயங்காமல் சரியாகச் சொல்லிவிட்டால் எங்கோ ஒரு பெயரடை காட்டிக்கொடுத்துவிட்டது. அதைத் தேடி வெட்ட வேண்டும். அக்கறையில்லாமல் "தெரியாது" என்று தாளைத் திருப்பித் தந்தால் குறிப்பு சப்பென்று இருக்கிறது. கேள்வியே அவருக்குள் எழவில்லை. மேலே தந்த குறிப்பை என் மருமகளிடம் கொடுத்தேன். "மாமி, பாவம் அந்த மனுசன், ஒருநாளாவது கிடைச்சுதா?" என்று கேட்டார். புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வெளியீட்டுக்கு உங்களை அழைக்கும்போது ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நாவலின் முதல் மூன்றிலொரு பகுதியில் நடப்பதை மட்டும் சொல்ல அனுமதி, மிச்ச நேரத்துக்கு உங்கள் சொந்த அனுபவம். நேரம் கூட இருக்கிறது என்று தோன்றினால், முன்பாதியில் உங்களுக்குப் பிடித்த ஒரு பந்தியை ஆசிரியரின் எழுத்திலேயே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பக்க எண்ணையும் சொல்லுங்கள். நாங்கள் மடியில் இருக்கும் பிரதியில் அடையாளம் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
பின்வரிசை வாசகி ஒருத்தி
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்