ஓடுவதற்கு முன்னால்

அன்புள்ள கண்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். குழந்தைக்கு மூன்றாவது வாரம் நடக்கிறது, அடுத்த வாரத்திலிருந்து மறுபடி ஓடப்போகிறேன் என்று போனில் சொன்னாய். தும்மினால் சிறுநீர் கொஞ்சம் கசிகிறது என்றும் சொல்லிவிட்டு, "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று தாண்டிப் போய்விட்டாய். பக்கத்தில் உன் மாமியார் இருந்ததால் நானும் அப்போது பேசவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க பிசியோதெரபி அறையில் பிரசவமான பெண்களிடம் நான் கேட்டதும் இதைத்தான். நிறையப் பேருக்கு வருவது உண்மை. அதற்காக அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி மாதிரி கட்டியிருக்கும் தசைகள்தான் இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் இருக்கின்றன. மாதக்கணக்காகக் குழந்தையின் எடையைத் தாங்கி, பிரசவத்தின்போது பல மடங்கு இழுபட்டிருக்கிறது. உனக்குத் தையலும் போட்டிருக்கிறார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைவிட அதிக பாரம் காலில் விழும், அந்த அதிர்ச்சி மேலே இந்தத் தசைக்கும் வரும். தும்மலையே தாங்காத தசை அதை எப்படித் தாங்கும்? நீ இருக்கும் பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் 2019இல் எழுதிய வழிகாட்டியிலும் ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் போகட்டும் என்றுதான் இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி. முழங்காலை மடித்து மல்லாந்து படுத்துக்கொள். மூச்சை இழு, வயிறு தளரட்டும். மூச்சை விடும்போது, நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவாயே, அப்படிப் பின்பக்கத்தை மெதுவாக இறுக்கு. அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டு வா. உள்ளே மேல்நோக்கி ஏறுகிற மாதிரி தெரிய வேண்டும். அப்புறம் முழுசாக விட்டுவிடு. விடுவதும் பயிற்சிதான், எந்நேரமும் இறுக்கியே வைத்திருந்தால் தசை சோர்ந்து வலிக்கும்.

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், புட்டத்தையும் தொடையையும் இறுக்குவார்கள். இன்னும் மோசம், இறுக்குவதாக நினைத்துக்கொண்டு முக்குவார்கள். கைக்கண்ணாடி வைத்துப் பார், சரியாகச் செய்தால் தையல் போட்ட இடம் உள்ளே மேலே போகும். வெளியே புடைத்தால் நீ கீழே தள்ளுகிறாய், நிறுத்திவிட்டு மறுபடி மெதுவாகத் தொடங்கு. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யாதே, பை முழுதும் காலியாகாமல் போகும். மெதுவாக இறுக்கினால் தையல் பிரிந்துவிடாது, பயப்படாதே. சுருக்கென்று வலித்தால் மட்டும் இரண்டு நாள் விட்டுப் பார்.

இப்போதைக்கு மூன்று நொடி பிடி, அதே அளவு ஓய்வு கொடு, இப்படி ஐந்து முறை. முடியும்போது மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய் பத்து நொடி, பத்து முறை என்று கொண்டுவா. அதோடு டக் டக்கென்று இறுக்கி விடுவது பத்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தனியாக நேரம் ஒதுக்கினால் உனக்கு மறந்துபோகும், பால் கொடுக்க உட்காரும்போது செய். இருமல், தும்மல் வரப்போகிறது என்றாலும், குழந்தையைத் தூக்கக் குனிந்தாலும், முதலில் இறுக்கிக்கொண்டு அப்புறம் செய். தசைக்கு வலு வரும் முன்பே இந்தப் பழக்கத்தில் கசிவு குறைவதைக் கவனிப்பாய்.

நடக்கலாம், தாராளமாக. வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் தொடங்கு. ஆனால் கணக்கைக் கடிகாரத்தில் பார்க்காதே, சாயங்காலம் உன் உடம்பைப் பார். திங்கட்கிழமை இருபது நிமிடம் நடந்தாய் என்று வை. அன்று இரவே, பழுப்பாக மாறியிருந்த உதிரப்போக்கு மறுபடி பளிச்சென்று சிவப்பாகிறது, அடியில் ஏதோ கனமாகத் தொங்குகிற மாதிரி இருக்கிறது. அப்படியானால் இருபது நிமிடம் உனக்கு இன்னும் அதிகம். செவ்வாய்க்கிழமை ஓய்வெடு, புதன்கிழமை பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் இரண்டு மூன்று நாள் எதுவும் சொல்லாமல் போனால் ஐந்து கூட்டு. வயிற்றைக் குறைக்கிறேன் என்று படுத்து எழுகிற உடற்பயிற்சியை இப்போது தொடாதே. கட்டிலில் இருந்து எழும்போதும் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழு.

உன் மாமியார் பத்தியம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர் பூண்டுக் குழம்பு நன்றாகத்தான் வைப்பார். ஆனால் பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதே. பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும், காயும் பழமும் வேண்டும். மலச்சிக்கல் வந்து முக்கினால் நீ மூன்று வேளை செய்த பயிற்சி வீண். கழிப்பறையில் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கை முழங்காலில் படும்படி முன்னால் சாய்ந்து உட்கார், முக்காமலே போகும். சேலையால் வயிற்றைக் கட்டுவதும் அப்படித்தான். இடுப்புக்கு இதமாக, தளர்வாகக் கட்டினால் சரி. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் எல்லாம் கீழேதான் போகும். அவரிடம் இதை நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ வாதாடாதே.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உன் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போவாய் அல்லவா? அங்கே குழந்தையைப் பற்றியே பேசி நேரம் போய்விடும். கசிவைப் பற்றி நீயே வாய் திறந்து சொல், பெண்களுக்கான பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேள். பிறப்புறுப்பில் எதோ உருண்டையாகத் தட்டுப்பட்டாலோ, காற்றோ மலமோ அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் முட்டுவதே தெரியாமல் இருந்தாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காதே. ஒரு மணி நேரத்தில் பேட் முழுதும் நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் அன்றே, அப்போதே டாக்டரைக் கூப்பிடு.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் வேகமாக நடந்து பார். ஒற்றைக்காலில் பத்து நொடி நில். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடு. ஒவ்வொரு காலிலும் பத்துத் தடவை நொண்டி அடி. கசிவும் கனமும் வலியும் இல்லையென்றால், ஒரு நிமிடம் ஓட்டம் இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறித் தொடங்கலாம். ஒன்றில் தட்டினாலும் இன்னும் சில வாரம் பயிற்சி, அவ்வளவுதான். ஓடப்போகும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போ, மார்பு கனக்காது. ஓடினால் பால் வற்றும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

பழைய ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பாதே. கர்ப்பத்தில் சிலருக்குப் பாதம் கொஞ்சம் நீண்டுவிடும், கடையில் அளந்து பார்த்து வாங்கு. பணம் அப்பா அனுப்புகிறாராம்.

அன்புடன்,
அம்மா